மைனஸ் 1.25 பவர், ஏ.எல்.பி. ஆசை: எந்த வழி யாருக்கு?

மதுரையிலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமும் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "ஏ.எல்.பி.க்குப் படிக்கிறேன். கண்ணில் மைனஸ் 1.25 பவர் இருக்கு. லேசிக் பண்ணிட்டா சரியாயிடுமா, இல்ல வேற வேலைக்குப் போயிடவா?" ஏ.எல்.பி. என்றால் உதவி லோகோ பைலட், ரயில் ஓட்டுநர் வேலையின் முதல் படி. லேசிக் என்றால் கண் பவரை லேசரால் திருத்தும் ஆபரேஷன்.

ஆபரேஷன் செய்துகொள்வது, கண்ணாடியோடு சேரக்கூடிய ரயில்வே வேலைக்கு மாறுவது, போலீஸ் பக்கம் போவது, விமானியாவது என்று நான்கு வழிகள் இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. நான்கிலும் பார்வை விதி வேறு வேறு. ரயில் ஓட்டக் கண்ணாடி கூடாது, விமானம் ஓட்டக் கண்ணாடி போடலாம் என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் விதி அப்படித்தான்.

## முதலில் எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிகிறது. ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகையை மாட்டி, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்வார்கள். 6/6 என்றால் நல்ல கண் ஆறு மீட்டரில் படிக்கிற வரியை நீங்களும் படிக்கிறீர்கள். 6/12 என்றால் நல்ல கண் பன்னிரண்டு மீட்டரிலிருந்தே படிக்கும் எழுத்தை நீங்கள் ஆறு மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள். இரண்டாவது, கண்ணாடி போட்டபின் எவ்வளவு தெரிகிறது. மூன்றாவது, அந்தக் கண்ணாடியின் பவர். "எனக்குக் கண்ணாடி போட்டா 6/6 தெரியுது" என்பது மட்டும் போதாது. சில வேலைகளில் பவருக்கே மேல்வரம்பு உண்டு.

நான்காவது, நிறப் பார்வை. இதை முதலாவதாகவே வைத்திருக்க வேண்டும். புள்ளிப் புள்ளியாக வண்ணமிட்ட இஷிஹாரா அட்டையில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பரிசோதனை இது. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத குறை பிறவியிலேயே வருவது. மருந்தோ ஆபரேஷனோ அதைச் சரிசெய்யாது. இதில் தவறினால் ஓட்டுநர் வேலையைப் பற்றி மேலே பேசவே வேண்டியதில்லை. ஆகவே கோச்சிங்கில் பணம் கட்டுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, கண்ணில் ஏற்கெனவே கத்தியோ லேசரோ பட்டிருக்கிறதா என்பது. படாதவரை சில கதவுகள் திறந்திருக்கும், பட்டபின் அவை மூடிக்கொள்ளும். அதைத் திரும்பப் பெற முடியாது.

## ரயில்வே: எழுத்தில் இருக்கிறது விதி

ரயில்வே ஒவ்வொரு பதவிக்கும் ஒரு மருத்துவப் பிரிவைக் கொடுத்திருக்கிறது. அறிவிப்பில் பதவியின் பெயருக்கு எதிரே ஏ-1, பி-1 என்று ஒரு கட்டத்தில் இருக்கும். பெரும்பாலானோர் சம்பளக் கட்டத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கான தூரப்பார்வை அளவு இது:

| பிரிவு | வெறும் கண்ணால் | கண்ணாடியோடு | நிறப் பார்வை | உதாரணப் பதவிகள் |
|---|---|---|---|---|
| ஏ-1 | 6/6, 6/6 | ஏற்பதில்லை | வேண்டும் | உதவி லோகோ பைலட் |
| ஏ-2 | 6/9, 6/9 | ஏற்பதில்லை | வேண்டும் | ஸ்டேஷன் மாஸ்டர், ட்ரெயின் மேனேஜர் (பழைய கார்டு), பாயின்ட்ஸ்மேன் |
| ஏ-3 | கட்டாயமில்லை | 6/9, 6/9; பவர் 2-க்குள் | வேண்டும் | ட்ரெயின்ஸ் கிளார்க், சில ஜூனியர் இன்ஜினியர் பதவிகள் |
| பி-1 | கட்டாயமில்லை | 6/9, 6/12. பவர் 4-க்குள் | வேண்டும் | பெரும்பாலான டெக்னீசியன் பதவிகள், ட்ராக் மெயின்டெய்னர் |
| பி-2 | கட்டாயமில்லை | 6/9, 6/12. பவர் 4-க்குள் | தேவையில்லை | டிக்கெட் கிளார்க் |
| சி-1 | கட்டாயமில்லை | 6/12, 6/18 | தேவையில்லை | ஒர்க்‌ஷாப் உதவியாளர் |
| சி-2 | கட்டாயமில்லை | ஒரு கண் 6/12 போதும் | தேவையில்லை | கிளார்க்-டைப்பிஸ்ட், கணக்குப் பிரிவு உதவியாளர் |

ஏ-1-இல் இன்னொரு சங்கதி உண்டு. 6/6 படித்துவிட்டால் மட்டும் போதாது, ஃபாகிங் டெஸ்ட் என்று ஒன்று வைப்பார்கள். கண் முன்னால் பிளஸ் 2 பவர் லென்ஸை வைத்து மறுபடி படிக்கச் சொல்வார்கள். இங்கே விதி தலைகீழ். லென்ஸ் வைத்ததும் மங்கலாகத் தெரிந்தால் நல்ல கண். அப்போதும் 6/6 தெளிவாகப் படித்தால் தகுதியில்லை. காரணம், பிளஸ் பவர் உள்ள இளைஞரின் கண் தன் தசையை இறுக்கி இருபது வயதில் அந்தக் குறையை மறைத்துவிடும். நாற்பதில் தசை தளரும்போது குறை வெளியே வரும். அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை. "எனக்குத்தான் கண்ணாடியே இல்லையே" என்று போய் இதில் சிக்குபவர்கள் உண்டு. மைனஸ் பவர்க்காரருக்கு இந்தக் கவலை இல்லை, அவர் இதற்கு முந்தின படியிலேயே நின்றுவிடுவார்.

மதுரை ஜங்ஷனில் கண்ணாடி போட்ட லோகோ பைலட் இன்ஜினிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு "அவருக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். அவர் சேரும்போது வெறும் கண்ணால் 6/6 படித்துச் சேர்ந்தவர். பணியில் இருப்பவர்களுக்கான அளவு வேறு, அதில் கண்ணாடிக்கு இடமுண்டு. ஏ பிரிவுக்காரர்களை 45 வயதுவரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும், 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதிப்பார்கள். கண்ணாடியோடு உள்ளே நுழைவது வேறு, உள்ளே போனபின் கண்ணாடி வருவது வேறு.

## வழி ஒன்று: லேசிக் செய்து ஏ.எல்.பி.க்குப் போவது

இதை நேராகவே சொல்லிவிடலாம். ஏ.எல்.பி.க்காக லேசிக் செய்யாதீர்கள். லேசிக்கோ, கண் பவரைத் திருத்தச் செய்த வேறு ஆபரேஷனோ செய்துகொண்டவர் இந்தப் பதவிக்குத் தகுதியில்லை என்று ஏ.எல்.பி. அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆபரேஷன் நன்றாக முடிந்து 6/6 தெரிந்தாலும் பதில் மாறாது.

"சொல்லாவிட்டால் தெரியவா போகிறது?" என்பது அடுத்த கேள்வி. தெரியும். லேசிக்கில் கருவிழியின் மேல்பரப்பை மெல்லிய மூடிபோல வெட்டித் திறந்து, கீழே லேசரால் செதுக்கி, மறுபடி மூடுவார்கள். அந்த மூடியின் விளிம்பு வட்டக்கோடாக நிற்கும். ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கியில் கண் டாக்டர் அதைத் தேடிப் பார்ப்பார். மூடி வெட்டாத முறையில் செய்திருந்தாலும், கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் கருவியில் நடுப்பகுதி தட்டையாகியிருப்பதும் கருவிழி மெலிந்திருப்பதும் தெரியும்.

விதி ஏன் இவ்வளவு கடுமை என்றால், லேசிக் செய்த கண்களில் சிலவற்றுக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், மங்கல் வெளிச்சத்தில் ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறன் குறையும். பகலில் பலகை படிக்கும்போது இது தெரியாது. இருட்டில் தூரத்து சிக்னலை, மழையடிக்கிற கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். பணம் ஒருபுறம் இருக்கட்டும். ஏ.எல்.பி. தேர்வில் முதல் கணினித் தேர்வு, இரண்டாம் கணினித் தேர்வு, பிறகு சிபாட் எனும் திறனறித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கடைசியில்தான் மருத்துவம். சிபாட்டுக்கு அழைக்கப்படும்போதே கண் டாக்டரிடம் குறிப்பிட்ட படிவத்தில் பார்வைச் சான்று வாங்கவேண்டும். பார்வைக் குறை அதுவரை யார் கண்ணிலும் படாமல் போகும். இரண்டு தேர்வுக்கு ஒன்றரை வருடம் உழைத்தபின் அந்தப் படிவத்தின் முன்னால் நிற்பது கொடுமை. மருத்துவத்தில் தவறினால் வேறு பதவி தரமாட்டோம் என்பதும் அறிவிப்பிலேயே உண்டு. "ஏ-1 இல்லாவிட்டால் பி-1 கொடுத்துவிடுவார்கள்" என்பது கோச்சிங் வாசலில் உலவும் வதந்தி.

இரவில் மாட்டித் தூங்கி காலையில் கழற்றுகிற கெட்டி லென்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அது கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்கும். சில நாள் போடாமல் விட்டால் பவர் திரும்பிவிடும். மறைத்துச் சேரும் வழியாக இதை நம்பவேண்டாம். பழைய கண்ணாடிச் சீட்டும் வளைவுப் படமும் ஒத்துப்போகாதபோது கேள்வி வரும். கண்ணுக்கான பயிற்சி, எண்ணெய், முருங்கைக்கீரை எதுவும் மைனஸ் பவரைக் குறைக்காது. கண் விழி நீண்டுவிட்டதுதான் குறை, கீரை அதைச் சுருக்காது.

### ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு

இந்த இடத்தில் ஒரு நல்ல வாய்ப்பைப் பலர் தவறவிடுகிறார்கள். சிலருடைய மைனஸ் பவர் முழுக்க உண்மையில்லை. நாள்பூராவும் செல்போனிலும் புத்தகத்திலும் கண்ணை நட்டு வைத்திருப்பவருக்கு, கிட்டப் பார்க்க இறுகும் தசை அப்படியே இறுகி நின்றுவிடும். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் முகத்தை வைத்துப் பார்த்தால் மைனஸ் 0.75 என்று காட்டும். சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்தி அளந்தால் அது 0.25-ஆகக் குறையக்கூடும்.

ஆகவே "சொட்டு மருந்து போட்டு பவர் பாருங்கள்" என்று கேளுங்கள். கண்ணாடிக் கடையில் இது முடியாது. அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ, அரசு ராஜாஜி மருத்துவமனையின் கண் பிரிவிலோ, வேறு நல்ல கண் டாக்டரிடமோ செய்யலாம். சொட்டு விட்டால் அன்று முழுக்க கிட்டப் பார்வை மங்கலாகவும் வெளிச்சத்துக்குக் கண் கூசுவதாகவும் இருக்கும், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மருந்து வேகம் இறங்கியபின் இன்னொரு நாள் மறுபடி வரச் சொல்லி, கண்ணாடி இல்லாமல் எந்த வரி வருகிறது என்று பார்ப்பார்கள். அந்த இரண்டாம் நாள் எண்தான் உங்கள் உண்மை எண். 6/6 வந்தால் ஏ-1 கதவு இன்னும் திறந்திருக்கிறது. 6/9 வந்தால் ஸ்டேஷன் மாஸ்டர், ட்ரெயின் மேனேஜர் பதவிகள் கைக்கெட்டும். இந்த இரண்டில் ஒன்று நிகழவேண்டுமென்றால் பெரும்பாலும் பவர் 0.50-க்குள், அதாவது அரை டயாப்டருக்குள் இருக்கவேண்டும். மைனஸ் 1 கடந்துவிட்டால் வெறும் கண்ணால் 6/9 வருவது அரிது.

## வழி இரண்டு: கண்ணாடியோடு சேரும் ரயில்வே வேலை

என் கணக்கில் ஐ.டி.ஐ. முடித்த மைனஸ் பவர்க்காரருக்கு இதுவே முதல் வழி. ஏ.எல்.பி.க்குப் படித்த கணிதமும் அறிவியலும் டெக்னீசியன் தேர்வுக்கும் அப்படியே பயன்படும். 2024 முதல் ரயில்வே தேர்வாணையங்கள் ஆண்டு அட்டவணைப்படி அறிவிப்புகளைத் தனித்தனியாக வெளியிடத் தொடங்கின. ஆகவே ஏ.எல்.பி. அறிவிப்போடு டெக்னீசியனும் வரும் என்று காத்திருக்காதீர்கள், அதை வேறாகக் கவனிக்க வேண்டும்.

பி-1-க்குப் பவர் 4 வரை இடம் இருப்பதால், இருபது வயதில் மைனஸ் 1.25 உள்ளவர் நிம்மதியாக உள்ளே வருவார். ஏ-3-க்கு எல்லை 2. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மைனஸ் பவர் பள்ளிக் காலத்திலிருந்து இருபது, இருபத்திரண்டு வயதுவரை மெல்ல ஏறக்கூடியது. விண்ணப்பிக்கும்போது 1.75 என்றால், மருத்துவம் வரும்போது 2.25 ஆகியிருக்கலாம். சீட்டில் ஸ்பியர் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிலிண்டர் என்று ஒரு எண் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்து எல்லைக்குள் வருகிறதா என்று கண் டாக்டரிடமே கேளுங்கள். மைனஸ் 1.50-க்கு மைனஸ் 0.75 சிலிண்டர் சேர்ந்தால் ஓர் அச்சில் 2.25 ஆகிறது. சீட்டைப் பார்க்கிற பிள்ளை முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு "ஒன்றரைதானே" என்று இருந்துவிடுவார்.

நிறப் பார்வைக் குறை உள்ளவருக்குப் பி-1 வரையிலான அத்தனையும் மூடியிருக்கும். அவர் பி-2, சி-1, சி-2 பதவிகளை மட்டும் பார்க்க வேண்டும்: டிக்கெட் கிளார்க், அலுவலகக் கிளார்க், கணக்குப் பிரிவு, ஒர்க்‌ஷாப் உதவியாளர். இவற்றில் எழுத்துத் தேர்வுப் போட்டி கடுமை, ஆனால் கண் காரணமாக ஆட்டம் முடியாது. நிறம் பிரித்துக் காட்டும் வண்ணக் கண்ணாடி என்று விற்பதை வாங்கிப் போகவேண்டாம், பரிசோதனையில் கழற்றச் சொல்வார்கள்.

எழுத்தை மட்டும் நம்பினாலும் தவறிவிடலாம் என்பதற்கு ஒரு உதாரணம் ரயில்வே பாதுகாப்புப் படை. அதன் காவலர் பதவிக்கு எதிரே பி-1 என்றிருக்கும். பி-1 என்றால் கண்ணாடி ஏற்பு என்று நினைத்து விண்ணப்பிப்பார்கள். ஆனால் 2024 அறிவிப்பில் அதே இடத்தில், கண்ணாடி அணிபவர்கள், தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், மாறுகண் உள்ளவர்கள் தகுதியில்லை என்ற வரியும் இருந்தது. பிரிவு எழுத்தைப் படித்தபின் அதன் கீழுள்ள வரிகளையும் படிக்க வேண்டும்.

## வழி மூன்று: காவல் பணி

இங்கே ஒரே சொல்லுக்குள் எதிரெதிரான விதிகள் இருக்கின்றன. மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வில், அதாவது எஸ்.எஸ்.சி. ஜி.டி.யில், நல்ல கண்ணில் 6/6, மற்றதில் 6/9 என்பது வெறும் கண்ணுக்கான அளவு. கண்ணாடி உட்பட எந்த வகைத் திருத்தமும் ஏற்பில்லை என்று மருத்துவ விதி சொல்கிறது. அதே சமயம் ஐ.பி.எஸ். பதவிக்குக் கண்ணாடியோடு 6/6 அல்லது 6/9 போதும், மற்ற கண் 6/9 அல்லது 6/12. அங்கே லேசிக் செய்தவரும் போகலாம். காவலரை விட அதிகாரிக்கு விதி இளகியிருப்பது சிலருக்கு எரிச்சலூட்டும். ஓடித் துரத்தி, மோதி, கண்ணாடி உடைகிற வேலைக்குக் கடுமை, மேசையிலும் களத்திலும் கலந்து செய்யும் வேலைக்கு இளக்கம் என்பதுதான் இதன் தர்க்கம்.

ஆகவே ஐ.டி.ஐ. முடித்தவர் கண்ணாடியோடு மத்திய காவலர் தேர்வுக்கு உழைப்பது வீண். பட்டம் முடிக்கப்போகிறவர் யு.பி.எஸ்.சி. பாதையை நினைத்தால் கண் அவரைத் தடுக்காது, தேர்வுதான் தடுக்கும். மாநிலக் காவல் தேர்வுக்கு வந்தால், அந்தந்த ஆண்டு அறிவிப்பில் உடற்தகுதிப் பகுதியில் பார்வை பற்றி எழுதியிருக்கும் வரியை முதலில் தேடுங்கள், ஓட்டப் பயிற்சிக்கு ஷூ வாங்குவது பிறகு. விமானப்படை அதிகாரிப் பணிகளில் லேசிக் ஏற்கப்பட்டாலும் நிபந்தனைகள் உண்டு. இருபது வயதுக்குப்பின் செய்திருக்க வேண்டும், செய்து பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், மீந்த கருவிழி 450 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. பதினெட்டு வயதில் அவசரப்பட்டுச் செய்தவர் இதையும் இழப்பார்.

## வழி நான்கு: விமானி

வியப்பான வழி இதுதான். பயணிகள் விமானியாவதற்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவத்தில், ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6, கண்ணாடியோடு பார்த்தாலும் சரி. கூடவே உபரிக் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பார்கள். சர்வதேச விதி இது, இந்தியாவும் இதையே தழுவுகிறது. மைனஸ் 1.25 இங்கே தடையே இல்லை. நிறப் பார்வை மட்டும் விடாது, விமானத் தளத்தின் விளக்குகளும் சிவப்பு, பச்சை, வெள்ளைதான்.

ஆனால் இந்த வழிக்குத் தடை கண்ணில் இல்லை, கணக்கில் இருக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் வரும், தாண்டியும் போகலாம். உரிமம் வாங்கிய பின்னும் வேலை உறுதியில்லை. ஆகவே இந்த வழியை நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுமுன் இரண்டாம் வகுப்பு மருத்துவத்தையும், அடுத்து முதல் வகுப்பு மருத்துவத்தையும் முடித்துக்கொள்ளுங்கள். சில பள்ளிகள் "முதலில் சேருங்கள், மருத்துவம் பிறகு" என்று சொல்லும். நிறப் பார்வையோ வேறு உடல் குறையோ அப்போது தெரியவந்தால் கட்டிய பணம் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் வகுப்பு மருத்துவம் செய்யும் இடங்களில் பெங்களூரிலுள்ள விமானப்படையின் வான்மருத்துவ நிலையமும் ஒன்று, மதுரையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்.

## ஒரு கேஸை முழுசாகப் பார்ப்போம்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு இளைஞர், வயது பத்தொன்பது, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக் கடைச் சீட்டில் வலது மைனஸ் 1.25, இடது மைனஸ் 0.75. வெறும் கண்ணால் வலது 6/18, இடது 6/12. கண்ணாடியோடு இரண்டும் 6/6. இஷிஹாரா அட்டைகளைத் தடுமாறாமல் வாசிக்கிறார்.

முதலில் சொட்டு மருந்து. அளந்து பார்த்தால் வலது மைனஸ் 1.00, இடது 0.50 என்று வருகிறது. கால் டயாப்டர் தசை இறுக்கம், மீதி உண்மை. வெறும் கண்ணால் வலது 6/12, இடது 6/9. இடது கண் ஏ-2 வரை வந்துவிட்டது, வலது வரவில்லை. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக அளவு கேட்பதால் ஏ-1 இல்லை, ஏ-2 இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஆசையும் இங்கே நிற்கிறது. மத்தியக் காவலர் தேர்வும் நிற்கிறது, அங்கே 6/6 கேட்கிறார்கள்.

ஏ-3-க்கு இன்று தகுதி உண்டு, பவர் எல்லை 2. ஆனால் அவருக்குப் பத்தொன்பது வயது. போன வருஷச் சீட்டைத் தேடி எடுக்கச் சொல்லிப் பார்த்தால் வலது 0.75. ஆண்டுக்கு அரை டயாப்டர் ஏறியிருக்கிறது என்று வைத்தாலும் இரண்டாண்டில் 2-ஐத் தொட்டுவிடும். ஏ-3-ஐ நம்பியிருக்கக் கூடாது. பி-1 எல்லை 4. அதற்கு நிறைய இடம் மிச்சம். ஆகவே டெக்னீசியன் தேர்வே முதல் தேர்வு, ட்ராக் மெயின்டெய்னர் போன்ற கீழ்நிலைப் பதவிகள் துணைத் தேர்வு. லேசிக் வேண்டவே வேண்டாம். கண்ணாடியே ஏற்கப்படும் பதவிக்கு எதற்காக ஆபரேஷன்?

இதே பையனுக்கு இஷிஹாராவில் தடுமாற்றம் இருந்திருந்தால் பாதை வேறு. டெக்னீசியன் போய்விடும். அப்போது பி-2, சி-2 பக்கம் கிளார்க், டிக்கெட் பதவிகளுக்கோ, அல்லது ரயில்வேக்கு வெளியே நிறம் கேட்காத எலக்ட்ரீஷியன் வேலைகளுக்கோ திரும்ப வேண்டும். வயரிங்கில் சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் வேலைகளில் தொந்தரவு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய தங்கைக்கு சொட்டு மருந்துக்குப்பின் இரு கண்ணும் 6/6 என்று வந்தால் அந்த வீட்டில் ஏ.எல்.பி. படிக்க வேண்டியவர் அவர்தான். பெண்களும் சேர்கிறார்கள், பார்வை அளவு ஒன்றுதான். அவர் மேற்கொண்டு ஃபாகிங் டெஸ்டையும் ஒருமுறை கண் டாக்டரிடம் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும், பிளஸ் பவர் மறைந்திருக்கிறதா என்று அறிய.

## எந்த வரிசையில் செய்வது

இந்த வாரமே நிறப் பார்வை, அடுத்து சொட்டு மருந்து விட்டுப் பவர், மூன்றாவதாக ஓராண்டு முந்தைய சீட்டோடு ஒப்பீடு. இந்த மூன்றும் கையில் வந்தபின் அறிவிப்பில் மருத்துவப் பிரிவுக் கட்டத்தையும் அதன் கீழ்வரிகளையும் வைத்து எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள். லேசிக் என்ற பேச்சை இந்த வரிசையின் கடைசியில் வையுங்கள். விமானி, ஐ.பி.எஸ். போன்ற, கண்ணாடியும் லேசிக்கும் இரண்டும் ஏற்கும் பாதைகளில்கூட, இருபது வயது தாண்டி, ஓராண்டாகப் பவர் மாறாமல் நின்ற பிறகே அதைப் பேசவேண்டும். கண் டாக்டரிடம் போகும்போது "எந்த வேலைக்காக" என்பதைச் சொல்லுங்கள். சும்மா "கண்ணாடி வேண்டாம்" என்று கேட்டால், எந்தக் கதவு மூடும் என்று அவர் யோசிக்க வாய்ப்பில்லாமல் போய்விடும்.